சான்று தாங்கும் வினா

சமயவியலில் இறுதியாண்டு மாணவர் அளிக்கும் ஆய்வு முன்மொழிவுகளுள் பல, தலைப்பைத் தாண்டுமுன்பே தடுமாறிவிடுகின்றன. ‘அய்யாவழியும் சமூக மாற்றமும்’ என்னும் தலைப்பைக் கருதுவோம். தென் திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் வைகுண்டரைச் சுற்றித் திரண்ட மக்கள் இயக்கம் ஆய்வுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்தலைப்பில் வினா எதுவும் இல்லை. இதைக் கையிலெடுக்கும் மாணவர் வைகுண்டரின் வரலாற்றை ஓர் இயலிலும், தோள்சீலைப் போராட்டத்தை மற்றோர் இயலிலும் சொல்லி, இயக்கத்தால் சமூகம் மாறியது என்று முடிப்பார். முடிவு முன்பே தெரிந்திருக்க, ஆய்வு எதற்கு?

வேறு சிலர் வினாவோடுதான் வருகின்றனர். ‘அய்யாவழி தனிச் சமயமா, இந்து சமயத்தின் உட்பிரிவா?’ என்பது அவர்கள் வினா. இது வழிபடுவோரிடையே இன்றும் உயிர்ப்புள்ள வழக்கு. அதில் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் மாணவருக்கு இல்லை; தீர்ப்பை உறுதிசெய்யும் சான்றும் எங்கும் இல்லை. சமயவியலறிஞர் நினியன் ஸ்மார்ட், ஒரு நம்பிக்கை மெய்யா பொய்யா என்னும் வழக்கை ஆய்வாளர் தம் ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்றார். அவ்வெல்லையை இங்கும் காக்கலாம். வழிபடுவோருள் யார், எந்தச் சூழலில், எதற்காகத் தனிச் சமயம் என்கின்றனர் எனக் கேட்டால், அதே செய்தி ஆய்வுக்கு உரியதாகிவிடும்.

நாம் பரிந்துரைப்பது இதனினும் சிறிய வினா. அய்யாவழித் தலங்களில் ஆடவர் தலைப்பாகை கட்டி வழிபடுவதைக் காண்கிறோம். தலையில் துணி கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு வைகுண்டர் முடிசூட்டினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இன்று நிழல் தாங்கல்களில் வழிபடுவோர் இவ்வழக்கத்திற்கு என்ன விளக்கம் தருகின்றனர், அவ்விளக்கம் அகிலத்திரட்டு அம்மானையிலிருந்து வருகிறதா, வேறெங்கிருந்தேனும் வருகிறதா? ஓர் இளங்கலை ஆய்வேட்டின் அளவுக்குள் இவ்வினாவுக்கு விடை காண இயலும். இதற்கு மேல் ஒரு சுமையை வினாவின்மீது ஏற்றக் கூடாது. 1830களில் தலைப்பாகை எதைக் குறித்தது என்பது முற்றிலும் வேறு ஆய்வு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பிணைத்த முன்மொழிவைத் திருப்பி அனுப்புவதே வழிகாட்டிக்கு அழகு.

வினா அமைந்த பிறகுதான் சான்றுகளின் இயல்பு விளங்கத் தொடங்கும். அகிலத்திரட்டு அம்மானை 1841இல் அரிகோபாலன் சீடரால் எழுதப்பட்டது என்பது மரபு. அது அச்சேறியது 1939இல். இடைப்பட்ட ஏறத்தாழ நூறாண்டுக் காலம் ஏட்டில் வாழ்ந்த நூல் அது. பின் வந்த பதிப்புகளிடையே பாட வேறுபாடுகளும் உண்டு. எனவே ‘அம்மானை கூறுகிறது’ என்று மட்டும் எழுதும் மாணவர் எந்தப் பதிப்பு என்பதை மறைக்கிறார். எந்த ஆண்டுப் பதிப்பைக் கொள்கிறார், தாங்கல்களில் படிக்கப்படும் பதிப்பும் அதுதானா என்பவற்றை முன்மொழிவே சொல்ல வேண்டும். நம் வினாவுக்கு மூலபாடத்தைவிட, மக்கள் காதில் விழும் பாடமே முதன்மையானது. தலைக்கட்டைப் பற்றிய அடிகளைத் தேடிக் குறித்துவைப்பதையும் முன்மொழிவு எழுதுமுன்பே முடித்திருத்தல் நன்று; கள ஆய்வின் நடுவில் நூலைப் புரட்டத் தொடங்குவோர்க்கு இரண்டும் கைகூடுவதில்லை.

அடுத்தது மிஷனரிகளின் எழுத்து. லண்டன் மிஷன் ஊழியர்கள் முத்துக்குட்டி என்னும் பெயரால் வைகுண்டரைக் குறித்தனர். அவரது இயக்கத்தைத் தம் பணிக்கு இடையூறாகக் கண்டனர். சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலிலும் இக்குறிப்பு உண்டு. வைகுண்டர் மறைந்து 20 ஆண்டுகள் கழிந்தபின் வந்த நூல் அது. பகைமை மிக்க சான்று என்று இவற்றை ஒதுக்குவோரும், காலத்தால் அணித்தானது என்று அப்படியே ஏற்போரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். நன்கொடையாளர் படிக்க எழுதிய அறிக்கை, எழுதியவரின் கவலையை உறுதியாகக் காட்டும். வழிபட்டவரின் உள்ளத்தைக் காட்டாது. தலைப்பாகையின் இன்றைய பொருளைத் தேடும் மாணவருக்கு இவை பின்னணி மட்டுமே. மிஷன் ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் உள்ளன. அங்குச் செல்லவியலாத மாணவர் அவற்றை முதன்மைச் சான்றாக எழுதிவைப்பது வெறும் ஒப்பனை. ஜி. பேட்ரிக் 2003இல் வெளியிட்ட அய்யாவழி பற்றிய ஆய்வுநூலை வழியாகக் கொண்டு, வழிச்சான்று என்று வெளிப்படையாகக் குறிப்பதே நேர்மை.

முறை பற்றிய பகுதியில்தான் மிகுதியான வெற்றுச் சொற்களைக் காண்கிறோம். ‘கள ஆய்வு முறையும் விளக்க முறையும் பின்பற்றப்படும்’ என்ற ஒரு வரியோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். சுவாமித்தோப்புக்கு அண்மையில் ஒரு தாங்கல், தொலைவில் ஒரு தாங்கல். இரண்டிலும் சில ஞாயிறு வழிபாடுகளில் உடனிருந்து நோக்கல். ஒவ்வொன்றிலும் நாலைந்து பேரோடு உரையாடல் என எழுதினால் முறை கண்ணுக்குத் தெரியும். யாரோடு உரையாடல் என்பதும் அதில் வர வேண்டும். பணிவிடை செய்பவரை மட்டும் கேட்டால் நிறுவனத்தின் விடை கிடைக்கும். தலைப்பாகை ஆடவர் கட்டுவது என்பதால் ஆடவரை மட்டும் கேட்டால், அதைப் பார்த்து நிற்கும் பெண்கள் என்ன பொருள் கொள்கின்றனர் என்பது விடுபடும். விடுபட்டதை ஆய்வேடு முடிந்தபின் தேர்வாளர் சுட்டுவார். அப்போது களத்திற்குத் திரும்பக் காலம் இராது.

கேள்வியின் வடிவம் இன்னும் நுட்பமானது. ‘தலைப்பாகை சமத்துவத்தின் அடையாளம்தானே?’ என்று கேட்டால் எவரும் ‘ஆம்’ என்பார். அது மாணவரின் குரலே எதிரொலித்துத் திரும்புவது. ‘முதன்முதலில் எப்போது கட்டினீர்கள்? யார் கட்டிவிட்டார்? கட்டாமல் உள்ளே போனால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் நிகழ்ச்சிகள் வரும். நிகழ்ச்சிகளின் வழியே விளக்கமும் வரும். இங்கு ஓர் இடர் உண்டு. நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் வந்த விளக்கத்தை மக்கள் கேட்டுப் பயின்று, ஆய்வாளரிடம் திரும்பச் சொல்வர்; ஆய்வாளர் அதை மரபின் தொன்மைக் குரல் என்று பதிவுசெய்வார்; அப்பதிவு அடுத்த நூலில் சான்றாகும். இச்சுழலை எப்படி அறிவது? வெவ்வேறு ஊரினர் ஒரே சொற்றொடரைச் சொன்னால் ஐயம் எழ வேண்டும். ‘இதை எங்கே கேட்டீர்கள்?’ என்ற துணைக்கேள்வி அதற்காகவே. ‘அம்மானைப் படிப்பில்’ என்பாரும், ‘பாட்டனார் சொன்னார்’ என்பாரும், ‘மேடையில் கேட்டேன்’ என்பாரும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தருகின்றனர். நம் வினா தேடியது இதைத்தான்.

மாணவர் அக்குடும்பங்களிலேயே பிறந்தவராயின், தமக்குத் தெரிந்ததைப் பிறர் விளக்கிச் சொல்லமாட்டார் என்பதையும், வெளியாராயின் நாகரிகம் கருதிச் சில மறைக்கப்படும் என்பதையும் முன்மொழிவில் இரண்டு வரிகளில் குறித்தால் போதும். பக்கக்கணக்கில் தன்னைப் பற்றி எழுதுவது தேவையற்றது.

இறுதியாக இசைவு. தாங்கல் பொறுப்பாளரிடமும் உரையாடுவோரிடமும் முன்கூட்டியே இசைவு பெறுவதும், பெயரை மாற்றிப் பதிவதும் முன்மொழிவில் இடம்பெற வேண்டும். இரண்டு தாங்கல்களுள் ஒன்று மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். மூன்றாவது தாங்கல் ஒன்றைக் காத்திருப்பில் வைக்கலாம். அதுவும் கூடாவிடில் ஒரே தாங்கலில் பெரியோர், இளையோர் என இரு தலைமுறையை ஒப்பிடலாம். ஒப்பீட்டின் அச்சு ஊரிலிருந்து வயதுக்கு மாறுவதால் வினாவின் சொற்களையும் அதற்கேற்ப மாற்றி, மாற்று வடிவமாக முன்மொழிவின் பின்னிணைப்பில் தரலாம்.