கல்யாணம் ஆனால் இனிஷியல் மாறணுமா?

கல்யாணமான பெண் தன் இனிஷியலைக் கணவர் பெயருக்கு மாற்றியே ஆகணும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் முகவரி மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில், ‘அப்படியே பேரையும் மாத்திடு’ என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அலைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பெண்ணின் கவனக்குறைவைக் காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கோளாறு சரிபார்க்கும் முறையில் இருக்கிறது.

செங்கல்பட்டு செல்வத்தின் மகள் கவிதா, மாமல்லபுரம் ராஜாவைக் கட்டிக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் அவள் ‘கவிதா எஸ்’. பான் கார்டு விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது, கடைசிப் பெயரையும் விடாது. அதனால் அங்கே அப்பா பெயர் ஒட்டிக்கொண்டு ‘கவிதா செல்வம்’. திருமணப் பதிவுச் சான்றில் ‘எஸ். கவிதா, தந்தை பெயர் செல்வம்’. மூன்றும் ஒரே ஆள். ஆனால் கவுன்டரில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், ‘பேர் மேட்ச் ஆகலைம்மா’ என்றுதான் பதில் வரும். இரண்டு சொற்கள் ஒன்றா என்று பார்ப்பது மென்பொருளில் ஒரு வரி வேலை. ஆளை அடையாளம் காண அந்த ஒரு வரி போதாது.

கேட்க வேண்டிய கேள்வி, பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் நடுவே பாலம் இருக்கிறதா என்பதே. பழைய அட்டையின் பெயரும் தந்தை பெயரும் சான்றில் உள்ள மணமகளோடு பொருந்தணும். புது இனிஷியல், அதே சான்றில் உள்ள கணவர் பெயரிலிருந்து வந்திருக்கணும். இரண்டும் சரியென்றால் ‘ஆர். கவிதா’வை ஏற்பதில் என்ன தயக்கம்? கவனிக்க: அந்தச் சான்று கல்யாணத்தைத்தான் நிரூபிக்கிறது, ‘இனி இவர் ஆர். கவிதா’ என்று அதில் எழுதியிருக்காது. பெயரையே வேறாக்க வேண்டுமென்றால் அரசிதழ் அறிவிப்புதான் பாலம். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்யணும். பத்திரிகையும் ஆல்பமும் அந்தச் சான்றுக்கு ஈடாகாது.

முகவரியிலும் இதே கதை. 2019 நவம்பர் 29-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. வீடு நகரவில்லை, பழைய காகிதத்தில் மட்டும் ‘காஞ்சிபுரம்’ நிற்கிறது. ஒன்றில் மாமல்லபுரம், இன்னொன்றில் மகாபலிபுரம். கதவு எண், தெரு, 603104 என்ற பின்கோடு மூன்றும் ஒத்துப்போனால் அது ஒரே வீடுதான்.

ஆதாரில் பெயரை வழக்கமாக இரண்டு முறைதான் திருத்தலாம், முகவரிக்கு அந்த வரம்பு இல்லை. அதனால் கவிதா முதலில் முகவரியை மட்டும் மாற்றட்டும். பெயர் மாறணுமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். மாற்றுவதென்றால் எழுத்துக்கூட்டலை உறுதி செய்துகொண்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கொடுக்கட்டும். திருப்பி அனுப்புகிறவர், எந்த ஆவணத்தின் எந்த வரி பொருந்தவில்லை என்று எழுதித் தரணும். ‘மேட்ச் ஆகலை’ என்ற வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது?