ஓர் அங்குல உத்தரவும் உச்சிச் சுழியும்

பள்ளி திறந்த வாரத்தில் திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு பள்ளி, தன் சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்கு ஓர் அறிக்கை கொடுத்து அனுப்பியிருக்கிறது. நம் வாசகர் ஒருவர் அதைப் படம் எடுத்து அனுப்பினார். மாணவர்களுக்கு மேல் முடி ஓர் அங்குலத்துக்கு மிகக் கூடாது. எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்க வேண்டும். உச்சியில் நட்டுக்கொண்டு நிற்கும் முடியோடு வருபவன் வகுப்புக்குள் விடப்பட மாட்டான். அப்படி வெட்டி அனுப்பும் கடைகள் மேல் புகார் கொடுக்கப்படும். கீழே முத்திரையும் கையெழுத்தும்.

பாக்ஸ் கட்டிங், கோடு போடுவது, ஒரு பக்கம் மட்டும் ஏற்றி வெட்டுவது இவற்றைப் பள்ளி வேண்டாம் என்றால் அதில் நமக்குச் சண்டை இல்லை. பள்ளிப் பையனுக்குக் கோடு போடாத கடைகள்தான் நம்மில் அதிகம். நான் எழுத வந்தது வேறு சிக்கலைப் பற்றி. விறைப்பான, கொஞ்சமும் வளைவில்லாத முடி உள்ள பையனுக்கு இந்த அறிக்கையின் முதல் இரண்டு விதிகளும் ஒன்றாக நிறைவேறாது. ஓர் அங்குலமாக இருந்தால் படியாது. படிய வேண்டுமென்றால் ஓர் அங்குலம் போதாது. கத்தரி பிடித்த எவருக்கும் இது தெரியும். அறிக்கை எழுதியவர் நம்மில் ஒருவரைக் கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு ஒடித்து நட்டால் நிமிர்ந்து நிற்கும். முழு நீளத்தில் பிடித்தால் நுனி தானாகத் தொங்கும். முடியும் இப்படித்தான். வேர்க்குழி எந்தச் சாய்வில் இருக்கிறதோ அந்தச் சாய்வில்தான் முடி வெளியே வருகிறது. பக்கவாட்டில் அது பெரும்பாலும் படுத்தபடியே வரும். சுழியில் கிட்டத்தட்ட நிமிர்ந்து வரும். வந்த முடி வளைய வேண்டுமானால் அதன் எடை அதன் விறைப்பை மிஞ்ச வேண்டும். விறைப்போ பருமனை விட மிக வேகமாக ஏறுகிறது: முடியின் பருமன் கால் பங்கு கூடினால் விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும். அதனால்தான் ஒரே அளவில் வெட்டிய அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் தலை படிந்தும் இன்னொருவன் தலை முள்ளாகவும் இருக்கிறது. பருமனான முடிக்கு எடை வேலை செய்யத் தொடங்குவது ஐந்து, ஆறு சென்டிமீட்டரில், அதாவது இரண்டு அங்குலத்துக்கும் சற்று மேலே. இரண்டரை சென்டிமீட்டர், அறிக்கை சொல்லும் அந்த ஓர் அங்குலம், இருக்கும் அளவுகளிலேயே மோசமான அளவு. நிற்கும் அளவுக்குக் குட்டை, நிற்பது கண்ணில் படும் அளவுக்கு நீளம்.

ஆக இந்தத் தலைக்கு வழி இரண்டுதான். ஒன்று, நின்றாலும் தெரியாத அளவுக்குக் குறைப்பது. மெஷினில் இரண்டாம் நம்பர், ஆறு மில்லிமீட்டர். மற்றது, உச்சியை வளர விட்டு எடையால் விழ வைப்பது. நடுவில் நின்று சமாளிக்கப் பார்ப்பவர்கள்தான் பல்கத்தரியைத் தூக்குகிறார்கள், பையனைக் கெடுக்கிறார்கள். உச்சியில் முடி அடர்ந்து நிற்கிறதே என்று வேருக்குப் பக்கத்தில் பல்கத்தரி ஓட்டினால், உள்ளே ஒரு சென்டிமீட்டர் கட்டைகள் மிஞ்சும். அன்றைக்குப் படிந்த மாதிரித்தான் இருக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்கிறது. இரண்டு வாரத்தில் அந்தக் கட்டைகள் ஒன்றரை சென்டிமீட்டராகி, மேலே இருக்கும் நீள முடியை முட்டுக்கொடுத்துத் தூக்கும். பதினைந்தாம் நாள் பையன் திரும்பி வந்து, போன முறையை விட மோசமாக நிற்கிறது என்றால், பழியை முடியின் மேல் போடாதீர்கள்.

நாகல் நகர்ப் பக்கம் ஒரு கடையில் நான் பார்த்த தலை ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புப் பையன். பங்குனி உத்திரத்துக்குப் பழனியில் மொட்டை. பள்ளி திறக்கும்போது தலை முழுக்க ஒரே சீராக இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. இது யாரும் வெட்டிய வெட்டு இல்லை, முருகனுக்குக் கொடுத்தது திரும்பி வந்த அளவு. போதாக்குறைக்கு இரட்டைச் சுழி. (இரட்டைச் சுழிக்கு இரண்டு கல்யாணம் என்று பக்கத்து நாற்காலிக்காரர் ஆரம்பித்தார், பையன் காது சிவந்துவிட்டது.) இரண்டு சுழிக்கும் நடுவில் இரு பக்க முடியும் எதிரெதிராக மோதி ஒரு குஞ்சம் போல நின்றது. வகுப்பில் அதை ஸ்பைக் என்று சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அம்மா எண்ணெயை அள்ளி வைத்து அனுப்பியிருக்கிறார். அந்த நீளத்தில் எண்ணெய் முடியைப் படுக்க வைக்காது. பத்து இருபது முடிகளை ஒட்டி ஒரு கூர் முனையாக்கும். மறுநாள் ஜெல் தடவியதாகக் குற்றச்சாட்டு. விதிப்படி எண்ணெய் வைத்ததற்குக் கிடைத்த பரிசு.

கடைக்காரர் செய்தது சரியான வேலை. எண்ணெய்த் தலையை அலசி, துடைத்து, சீப்பே போடாமல் காயவிட்டார். ஈரத்தில் வெட்டினால் எல்லா முடியும் படிந்து பொய் சொல்லும். காய்ந்த பிறகுதான் எது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். பிறகு உள்ளங்கையால் உச்சியை அழுத்தி எடுத்தார். உடனே எழுந்தது. இந்த நீளத்தில் வேறு வழியில்லை என்று அப்பாவிடம் சொல்லி இரண்டாம் நம்பரை மாட்டினார்.

“மறுபடியும் மொட்டையாண்ணே?” என்றான் பையன்.

“மொட்டை இல்லடா தம்பி. ஒரு மாசம் பொறுத்துக்க.”

மெஷின் வைக்கும்போதும் இந்தத் தலைக்கு ஒரு கணக்கு உண்டு. பிடரியிலிருந்து நேராக மேலே ஏற்றிக்கொண்டே போனால், சுழியின் ஒரு பாதியை எதிர்த்திசையிலும் மறுபாதியை முடி ஓடும் திசையிலும் வெட்டுகிறோம். ஓடும் திசையில் போன பாதி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமாகவே தங்கிவிடும். அந்த மிச்சம்தான் வீட்டுக்குப் போன பிறகு குஞ்சமாகத் தெரிகிறது. இவர் சுழியைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு பக்கமும் முடிக்கு எதிராக மெஷினைத் திருப்பி எடுத்தார். கடைசியில் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தப்பும் தூக்கல் விரலுக்குத் தப்பாது.

அன்றைக்குப் பிரச்சினை முடிந்தது. ஆனால் அது தீர்வா? இரண்டு மாதத்தில் அதே ஓர் அங்குலம் வரும், அதே குஞ்சம் நிற்கும், அதே வாசலில் அவன் நிற்பான். பள்ளிப் படிப்பு முடியும்வரை இரண்டாம் நம்பரிலேயே தலையை வைத்திருப்பதா? இரண்டாவது வழிக்குப் பள்ளி மனசு வைத்தால் போதும். பக்கத்தையும் பிடரியையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒட்ட எடுத்துக்கொண்டு, சுழியைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்தை மட்டும் தொடாமல் விட வேண்டும். மொட்டையடித்து ஐந்து, ஆறு மாதத்தில், காலாண்டுத் தேர்வை ஒட்டி, உச்சி முடி விழும் நீளத்துக்கு வந்துவிடும். அதன்பின் நுனியில் மட்டும் கத்தரியைக் குத்தி விட்டு எடுத்தால் கனம் குறையும், கட்டை விழாது. இடைப்பட்ட நாளில் காலையில் வேர் வரை நனைத்து, சுழியை இரு பக்கமும் மாற்றி மாற்றித் தள்ளிச் சீவி, காயும்வரை துண்டை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். மேலே மட்டும் தண்ணீர் தெளித்துப் பயனில்லை. வேரில் ஈரம் காயும்போது எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அன்றைக்கு நிற்கும்.

சில கடைகள் இந்தச் சிறுவர்களுக்கு ஸ்மூத்னிங் போடுவதாகக் காதில் விழுகிறது. நேராக இருக்கும் முடியை இன்னும் என்ன நேராக்குவது? வேர்க்குழியின் சாய்வை எந்த மருந்தும் மாற்றாது. சூடேற்றினால் ஃபார்மால்டிஹைடு ஆவி கக்கும் சரக்குகளும், சிறுநீரகப் பாதிப்போடு சேர்த்து 2024ல் மருத்துவ இதழ்களில் பேசப்பட்ட கிளையாக்சிலிக் அமிலச் சரக்குகளும் இதில் உண்டு. சிறுவர் தலையில் வேண்டாம். இதில் நம் இதழுக்கு இரண்டு கருத்து இல்லை.

இனி என் வயிற்றெரிச்சல். விறைத்த நேர்முடி அதிகம் உள்ள நாடு ஜப்பான். அங்கேயும் பள்ளிகள், பக்கத்தை ஒட்ட எடுத்து மேலே நீளம் விடும் ‘டூ பிளாக்’ வெட்டைத் தடை செய்திருந்தன. காதோரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் முடிக்கு அது பொருந்தி வரும் வெட்டு. டோக்கியோ பெருநகரக் கல்வி வாரியத்தின் பள்ளிகளில் அந்தத் தடை 2022 ஏப்ரலோடு போனது. கேள்வி கேட்டார்கள், விவாதித்தார்கள், எடுத்தார்கள். இங்கே விதி எழுதும் மேசையில் நம்மில் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முடிதிருத்துவோருக்கு நலவாரியம் உண்டு. அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று 2021ல் அறிவித்தபோது, அந்தத் தொழிலாளிக்கு மாத ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும் என்றாவது அரசுக்குத் தோன்றியது. பள்ளி விஷயத்தில் மட்டும் நமக்கு வருவது முத்திரை குத்திய காகிதம். அதுவும் மிரட்டல் வரியோடு. முடி நின்றால் பையன் திமிர் பிடித்தவன், இல்லையென்றால் நாம் தொழில் தெரியாதவர்கள். மூன்றாவதாக, விதியே தவறாக இருக்கலாம் என்ற எண்ணம் அந்த நாற்காலிகளுக்கு வருவதே இல்லை. குழந்தைகளுக்கு உடல் தண்டனையும் மன உளைச்சலும் தரக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. பிறவிச் சுழிக்காக ஒரு பையனை வெயிலில் நிறுத்துவது அதில் எந்தக் கணக்கில் சேரும் என்று அந்த முத்திரைக்குச் சொந்தக்காரர் சொல்லட்டும். பள்ளியே கத்தரியை எடுத்து வகுப்பு வாசலில் நறுக்கி அனுப்பிய தலைகளும் நம் கடைகளுக்கு வருகின்றன. சீர் செய்ய ஒன்றாம் நம்பரைத் தவிர வழியிருக்காது. அந்தத் தலைக்கும் நாம்தான் பேர் கெட்டவர்கள்.

நம் கோரிக்கை ஒரே வரி: உச்சிச் சுழியைச் சுற்றிய முடிக்கு மட்டும் ஓர் அங்குல வரம்பை எடுத்துவிட்டு, படியும் நீளத்தை வெட்டுபவர் முடிவுக்கு விடுங்கள். அறிக்கை அனுப்பிய பள்ளிக்கு இதை எழுத்தில் கொடுக்கிறோம். மற்ற கடைகளும் தங்கள் ஊர்ப் பள்ளியில் கொடுக்கலாம். பையனைத் திருப்பி அனுப்பினால், கடைப் பெயர் போட்ட சீட்டில் ‘பிறவிச் சுழி, உச்சி வளர்ப்பில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அப்பா கையில் கொடுங்கள். பள்ளி சொன்னதற்காக இலவசமாக மறுபடி வெட்டும் பழக்கத்தையும் இந்த மாதத்தோடு விடுங்கள். நம் வேலையில் பிழை இருந்தால் இலவசம். விதியில் பிழை இருந்தால் முழுக் கட்டணம்.