எட்டு எண்ணும் வரை

ஒரு புகைப்படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று போன ஞாயிறு மாலை முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. நீச்சல்குளத்தின் ஆழம் குறைந்த பக்கம், மூன்றரை அடித் தண்ணீர். ஓரக் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண் குனிந்திருக்கிறாள். முகம் தண்ணீருக்குள் இருக்கிறது, காதோரம் குமிழிகள். அது நான்தான். வயது 32.

முதலில் ‘பயத்தை வென்றேன்’ என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் எரிச்சலாக இருந்தது, அழித்துவிட்டேன். அந்தப் பயம் என் சுபாவம் என்பதுபோல் அல்லவா இருக்கிறது?

எங்கள் பக்கத்தில் நீச்சலைக் கிணற்றில்தான் பழகுவார்கள். இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ வைத்து இறக்கிவிடுவார்கள். மேலே அண்ணனோ மாமாவோ கயிற்றைப் பிடித்திருப்பார். ஒரு கோடை விடுமுறை போதும். ஆனால் கிணறு யாருடையதோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அந்தக் கோடை. அம்மா களை எடுத்த வயலிலும் கிணறு இருந்தது. நாங்கள் பம்புசெட் வாய்க்காலில் கால் நனைத்தோம். கிணற்றுப் படியில் இறங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கே தெரிந்திருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கரும் அவருடன் வந்தவர்களும் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். ஒரு கை தண்ணீருக்கே அத்தனை பெரிய போராட்டம் என்றால், குதித்து விளையாடுவதை யார் கேட்டிருக்க முடியும்?

அடுத்து ‘நீச்சல் கற்றுக்கொண்டேன்’ என்று எழுதினேன். அது பொய். வெறும் பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஆபத்தான பொய். நான் இதுவரை கற்றதெல்லாம் காலுக்கு எட்டும் தரையுள்ள இடத்தில் கற்றது. கிணற்றில் ஆழம் குறைந்த பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆற்றில் இழுப்பு இருக்கிறது. அந்த வரியைப் படிக்கும் என் சித்தி மகள், அக்காவே பழகிவிட்டாள் என்று ஊரில் எங்காவது இறங்கினால்?

சரி, என்னதான் செய்தேன்? மூச்சு விட்டேன், அவ்வளவுதான்.

முதல் இரண்டு வகுப்புகளில் மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தை முக்கினேன். மூன்று எண்ணுவதற்குள் நெஞ்சு இறுகி, திமிறி வெளியே வந்துவிடுவேன். பயிற்சி தரும் அக்கா பார்த்துவிட்டு, “அடக்காதீங்க, ஊதுங்க” என்றார். மூச்சை அடக்கினால் உள்ளே கரியமில வாயு சேர்கிறது. ‘உடனே மூச்சு விடு’ என்று உடம்பை அவசரப்படுத்துவது அதுதான். போதாததற்கு, பயத்தில் முன்பே வேகவேகமாக மூச்சிழுத்துத் தோள் கழுத்தெல்லாம் விறைத்திருக்கும். வாயால் சாதாரணமாக இழுத்து, முகத்தை வைத்ததும் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே மூக்கால் மெல்ல விடவேண்டும். காற்று வெளியே வந்துகொண்டிருக்கும் வரை மூக்கில் தண்ணீர் ஏறாது. நிறுத்தினால் ஏறும், சுள்ளென்று எரியும். எனக்கு நான்கு முறை ஏறியது. ஐந்தாவது முறை எட்டு எண்ணும் வரை முகம் உள்ளேயே இருந்தது. உடன் படிக்கும் தோழி படம் எடுத்தது அப்போதுதான்.

மிதப்பதற்கு முன்பே அந்த அக்கா எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுத்தார். பெரியவர்கள் கம்பியை விடாததற்குக் காரணம் மூழ்குவோம் என்ற பயம் மட்டுமில்லையாம். கவிழ்ந்து படுத்துவிட்டால் எப்படித் திரும்ப நிற்பது என்று தெரியாததும்தான். முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, இரண்டு உள்ளங்கையாலும் தண்ணீரைக் கீழே அழுத்தினால், கால் தானாகத் தரையைத் தேடிக்கொள்கிறது. தலையை அதற்குப் பிறகுதான் தூக்கவேண்டும். முதலிலேயே தூக்கினால் கால்கள் கீழே போய், சமநிலை குலைந்து தடுமாறுகிறோம். கம்பியைப் பிடித்துக்கொண்டே இதைப் பத்துப் பதினைந்து முறை செய்தேன். கம்பியை இன்னும் விடவில்லை. அது வரும் சனிக்கிழமைக்கு.

ஆக, கடைசியில் படத்துக்குக் கீழே போட்டது இதுதான்: ‘32 வயது. எங்கள் வயலோரக் கிணற்றில் கிடைக்காத முதல் பாடம். இன்று எட்டு எண்ணும் வரை முகம் தண்ணீருக்குள். கம்பியை இன்னும் விடவில்லை.’

வாழ்த்துகள் நிறைய வந்தன, இதயக்குறிகள் அதைவிட அதிகம். அம்மாவுக்கு அந்த ஆப் எல்லாம் கிடையாது என்பதால் வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பியிருந்தேன். இரவு போன் செய்தார்.

“மூக்குல தண்ணி ஏறலையா பாப்பா?”

“ஊதிக்கிட்டே இருந்தா ஏறாதும்மா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: “எப்படி ஊதணும்?”