"ஆனால் உள்ளே"

எங்கள் சிலமலைத் தம்பி ஒருவர் போடியில் ஏலக்காய் வாங்கி, சலித்து, ஆன்லைனில் விற்கிறார். அவருக்கு வந்த விமர்சனம் ஒன்று: "காய் பெருசு, நல்ல பச்சை. ஆனால் உள்ளே". அவ்வளவுதான், மூன்று நட்சத்திரம்.

"தங்கள் கருத்துக்கு நன்றி" என்று போட்டுவிடலாமா என்றார். வேண்டாம் என்றேன். அடுத்து வாங்குகிறவர் அந்த 'உள்ளே'யைத்தான் படிப்பார். புழுவா, பொக்கா, ஈரமா என்று அவரே முடித்துக்கொள்வார். நாமும் ஊகித்து முடிக்கக்கூடாது. 'பூச்சி இல்லைங்க' என்று எழுதினால், சொல்லாத குறையை நாமே சொன்னதாகிவிடும்.

முதலில் ஆர்டரைப் பார்த்து, எந்த லாட் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். சல்லடை காயின் பருமனைத்தான் காட்டும், உள்ளே விதை முற்றியதா என்று காட்டாது. அதற்கு லிட்டர் எடை பார்க்க வேண்டும். 7 மில்லிமீட்டர் எக்ஸ்ட்ரா போல்டு என்றால், அக்மார்க் கணக்கில் ஒரு லிட்டர் காய் 435 கிராமாவது நிற்க வேண்டும். அந்த மூட்டையில் மிச்சம் இருந்ததை அளந்தோம்: 398. இருபது காயை உரித்தோம். பதினைந்தில் கறுத்த, பிசுபிசுப்பான விதை. ஐந்தில் வெளுத்த சொத்தை விதை. முற்றுமுன் பறித்த காய்.

பிறகுதான் பதில் எழுதினார்: "உங்கள் வரி 'உள்ளே' என்பதோடு நின்றுவிட்டது. மீதியைச் சொல்லுங்கள். அந்த லாட்டை உரித்துப் பார்த்தோம், சில காய்களில் விதை முற்றவில்லை. விற்பனையை நிறுத்திவிட்டோம். வேறு காயோ பணமோ, எது வேண்டுமோ தருகிறோம்."

நட்சத்திரத்தைக் கூட்டச் சொல்லி ஒரு வார்த்தை சேர்க்கப் பார்த்தார். அதை மட்டும் அடிக்கச் சொன்னேன்.