அடிக்குறிப்பு குப்பை இல்லை

பழைய பதிப்பின் ஸ்கேனை ஒரே கோப்பாக்கும்போது பக்கத் தலைப்பு, பக்க எண், அடிக்குறிப்பு மூன்றையும் ஒரே ஸ்கிரிப்டில் வழித்துப் போடுகிறார்கள். கேட்டால் ‘க்ளீன் பண்றோம்’. பக்கத் தலைப்பு போகட்டும், அது அச்சு வசதி. பக்க எண்ணை வரியிலிருந்து பிரித்து அடையாளமாக வையுங்கள். கடைசியில் இருக்கும் சொல்லடைவு அதை நம்பித்தான் நிற்கிறது.

அடிக்குறிப்பு? உ.வே.சா. பதிப்புகளில் பாடபேதமே அங்கேதானே இருக்கிறது! பக்கத்துக்குப் பக்கம் 1 என்றே தொடங்கினால், ஒட்டியதும் நூறு ‘1’ வரும். 112ஆம் பக்கத்துடையதை 112-1 ஆக்கினால் தீர்ந்தது. அடுத்த பக்கத்துக்கு வழியும் குறிப்புதான் வில்லங்கம். எண் இல்லாமல் அடியில் தொடங்குவதால், ஓசிஆர் அதை மூலத்தோடு சேர்த்துவிடும். வாக்கியம் நடுவில் வேறு பேச்சுக்குத் தாவினால், அங்கே பாருங்கள். விக்கிமூலத்தில் அதை இப்படி ஒட்டுவார்கள்:

```
<ref name="p112">…</ref>
<ref follow="p112">…</ref>
```