வெறும் வயிறும் விரதமும் ஒன்றல்ல

தமிழில் மின்னஞ்சல் அனுப்பும் மருத்துவமனைகளும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களும் பெருகி வருகின்றன. இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அந்த மின்னஞ்சல்களில் பலவும் ஆங்கிலத்தில் எழுதி, இயந்திரத்திடம் கொடுத்து, வந்ததை வந்தபடியே அனுப்பியவை. படிப்பவர் முகம் சுளித்துவிட்டு, ‘ஏதோ சொல்கிறார்கள்’ என்று கடந்துபோகிறார். இதை மொழியழகு பற்றிய குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. அந்த மின்னஞ்சலை நம்பித்தான் ஒருவர் அன்றிரவு எதைச் சாப்பிடுவது, மாத்திரையை எப்போது போடுவது என்று முடிவு செய்கிறார்.

சர்க்கரை அளவைப் பார்க்க வரச் சொல்லும் ஒரு மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். இயந்திரம் தருவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அன்புள்ள மதிப்புமிக்க நோயாளி, இந்த மின்னஞ்சல் உங்களை நலமுடன் கண்டடையும் என நம்புகிறோம். உங்கள் சந்திப்பு 03/04 அன்று காலை 7.30 மணிக்கு எங்களால் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. தயவுசெய்து உங்கள் சோதனைக்கு முன் நீங்கள் குறைந்தது 8 மணி நேரம் விரதம் இருக்கவும். வெற்று நீர் அனுமதிக்கப்படுகிறது. உங்கள் மருத்துவர் வேறுவிதமாக அறிவுறுத்தாத வரை, உங்கள் நீரிழிவு மாத்திரையை மாதிரி எடுக்கப்பட்ட பிறகு எடுத்துக்கொள்ளவும்.”

திருத்த உட்காருபவரின் கை முதலில் போவது அந்த நலவிசாரிப்பின் மேல்தான். ஆங்கிலக் கடிதச் சம்பிரதாயமான அந்த வரிக்குத் தமிழில் ‘வணக்கம்’ என்ற ஒரு சொல் போதும். ஆனால் அதை அப்படியே விட்டாலும் யாருக்கும் கேடில்லை. கேடு விளைவிக்கக்கூடியவை இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது வாக்கியங்களில் அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன.

‘விரதம்’ என்பதைப் பாருங்கள். இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை. ஆனால் நம் வீடுகளில் விரதம் இருப்பவர் பால் குடிப்பார், பழம் சாப்பிடுவார். சிலர் பலகாரமும் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தோடு ஒரு பெரியவர் காலையில் ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு ரத்தம் கொடுத்தால், வரும் அளவு வெறும் வயிற்று அளவாக இருக்காது. பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் சொல்வது ‘வெறும் வயிற்றில்’ என்றுதான். இயந்திரத்துக்குத் தெரியாத அந்த வழக்கு, வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது தேதி. 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வரும், அப்போது அது மார்ச் 4. மூலத்தில் எந்த முறை என்று இயந்திரம் கேட்காது, எண்களை அப்படியே கடத்திவிடும். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் சந்தேகமே எழாது.

கடைசி வாக்கியத்தில் நிபந்தனை எதிர்மறையில் இருக்கிறது: ‘வேறுவிதமாக அறிவுறுத்தாத வரை’. படிப்பவர் அதை மனத்துக்குள் ஒருமுறை திருப்பிப் போட்டுத்தான் பொருள் கொள்ள வேண்டும். நாம் பேசும்போது செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிட்டு, விலக்கை அடுத்த வாக்கியத்தில் நேராகச் சொல்வோம்.

ஆகவே திருத்தும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மூலத்தையும் பெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண், தேதி, ‘கூடாது’, ‘இல்லாவிட்டால்’ போன்றவற்றைச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே நடையில் கைவைக்க வேண்டும். இந்த வரிசை இன்று முன்னைவிட அவசியம். பழைய கருவிகளின் பிழைகள் வாக்கியத்தை முறித்து, தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தன. 2017இல் கூகுள் தமிழுக்கும் கொண்டுவந்த நரம்பியல் வலைப்பின்னல் முறையில் வாக்கியம் வழுவழுப்பாக வருகிறது. ஒரு ‘இல்லை’ விடுபட்டுப் போயிருந்தாலும் வாசிப்பில் தடுக்காது. தமிழை மட்டும் படித்துத் திருத்துபவருக்கு அந்தப் பிழை கண்ணிலேயே படாது.

நடையைத் திருத்துவது அதற்குப் பிறகு எளிது. தமிழில் வினைமுற்றே யாரைச் சொல்கிறோம் என்பதைக் காட்டிவிடுவதால் ‘உங்கள்’, ‘நீங்கள்’ ஆகியவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடலாம். ‘வாருங்கள்’ என்பதிலேயே மரியாதை இருக்கிறது, தயவு கேட்க வேண்டியதில்லை. ‘எங்களால் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது’ என்பது ‘உறுதி செய்திருக்கிறோம்’ என்றாகும். இவ்வளவும் செய்தால் மின்னஞ்சல் இப்படி அமையும்:

“வணக்கம். ஏப்ரல் 3ஆம் தேதி காலை 7.30 மணிக்கு உங்கள் பரிசோதனையை உறுதி செய்திருக்கிறோம். வெறும் வயிற்றில் வாருங்கள். வருவதற்கு முன் 8 மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை பற்றி மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.”

இங்கே திருத்துபவருக்கு ஓர் ஆசை வரும். ‘இரவு 11 மணிக்கு மேல் சாப்பிடாதீர்கள், காபி, டீ, பால் கூடாது’ என்று சேர்த்தால் இன்னும் தெளிவாகுமே என்று. தெளிவாகும்தான். ஆனால் மூலத்தில் இல்லாததைத் தாமாகச் சேர்க்கும் உரிமை திருத்துபவருக்கு இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்துவதற்கென்று 2017இல் வந்த ஐஎஸ்ஓ 18587 என்ற சர்வதேசத் தரநெறியும், எதுவும் கூடவோ விடுபடவோ கூடாது என்றே சொல்கிறது. எனவே அவர் மூலத்தை எழுதியவரைக் கேட்க வேண்டும். எழுதியவர் மூலத்திலேயே அதைச் சேர்க்க வேண்டும்.

பொறுப்பு ஒருவரோடு முடியாது என்பது இந்த இடத்தில் தெரிகிறது. ஆங்கிலத்தில் எழுதும் மருத்துவரோ அதிகாரியோ ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி என்று எழுதினால் பாதிப் பிழை பிறக்காது. நிர்வாகம், ‘தமிழ் தெரிந்தவர் ஒருமுறை பார்த்துவிடுங்கள்’ என்று வரவேற்பு மேசைக்குத் தள்ளிவிடாமல், மூலத்தையும் காட்டி, நேரமும் கொடுத்து, மாற்றும் அதிகாரத்தையும் அந்த ஊழியருக்கே கொடுக்க வேண்டும். ஒருமுறை திருத்திய வாசகத்தைச் சேமித்து, அடுத்த முறை தேதியையும் நேரத்தையும் மட்டும் மாற்றி அனுப்பலாம். ஒவ்வொரு முறையும் இயந்திரத்திடம் புதிதாகக் கொடுத்தால் புதிய பிழைகளும் வரலாம். நோயாளியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்காமல் இலவச மொழிபெயர்ப்புத் தளங்களில் ஒட்டவே கூடாது.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, “சரி, முதல் நாள் ராத்திரி என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். “பால் குடிக்கலாமா?” என்று அவர் திருப்பிக் கேட்டால், வாசகம் இன்னும் முடியவில்லை.

பெறுபவர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. புரியாத மின்னஞ்சலைச் சிரித்துப் பகிர்வதோடு நிறுத்தாமல், எந்த வரி புரியவில்லை, அதை எப்படிப் புரிந்துகொண்டோம் என்று அனுப்பியவருக்கே இரண்டு வரி பதில் எழுதுவோம். அந்தப் பதிலைப் படித்து வாசகத்தை மாற்ற வேண்டியவர் யார் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் இப்போதே முடிவு செய்து, அவர் தொடர்பு எண்ணை மின்னஞ்சலின் அடியிலேயே அச்சிடட்டும்.