பெட்டிக் கணக்கும் லாரிக் கணக்கும்

என் தங்கை மகன் கோத்தகிரி பக்கம் சரிவில் ஒரு வீடு கட்டியிருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் மேட்டை வெட்டிய இடம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே இருந்தது. போன வருடம் ஒரு கொட்டேஷனைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "மாமா, நீங்கள் பி.டபிள்யூ.டி. கணக்கில் இருந்தவர்தானே, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றான். கம்பி வலைப் பெட்டிக்குள் கல்லை நிரப்பி, அதையே அடுக்கிக் கட்டும் தடுப்புச் சுவர். இஞ்சினியர்கள் இதை "கேபியன்" என்பார்கள். என் காதுக்கு அது "கபியோன்"தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது கோட்டை முற்றுகைப் பாடத்தில் வரும் சொல். மண் நிரப்பிய பெரிய பிரம்புக் கூடைகளை வரிசையாக வைத்து, அதன் மறைவில் சிப்பாய்கள் குழி தோண்டுவார்கள். இப்போது பிரம்பு போய்க் கம்பி வந்திருக்கிறது, மண் போய்க் கல் வந்திருக்கிறது.

கொட்டேஷனில் இருந்தது இவ்வளவுதான்: 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். 2 மீட்டர் பெட்டி 18, ஒன்றரை மீட்டர் பெட்டி 12. கருங்கல் 19 யூனிட். கீழே மொத்தமாக ஒரு தொகை.

பழைய குமாஸ்தா புத்தி, உடனே பெருக்கிப் பார்த்தேன். பெட்டிகள் எல்லாமே ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். ஆகவே 2 மீட்டர் பெட்டி ஒன்று 2 கன மீட்டர், 18 பெட்டிக்கு 36. ஒன்றரை மீட்டர் பெட்டி 12க்கு 18. மொத்தம் 54 கன மீட்டர். யூனிட் என்பது நம் ஊர் லாரிக் கணக்கு, நூறு கன அடி. அதாவது 2.83 கன மீட்டர். 19 யூனிட்டைப் பெருக்கினால் 53.8. அச்சாகப் பொருந்துகிறது. பணியில் இருந்த காலமாக இருந்தால் பச்சை மையில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பேன். எத்தனை பக்கங்களை அப்படிப் புரட்டியிருக்கிறேனோ!

ஆனால் இரவு படுத்த பிறகு ஒரு பழைய சொல் ஞாபகம் வந்தது: "ஸ்தேர்". பிரெஞ்சுக்காரர்கள் விறகை அளக்கும் அளவு. ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்கு விறகை அடுக்கினால் ஒரு ஸ்தேர். எங்கள் ஆரம்பப் பள்ளி வாத்தியார் விடாமல் சொல்வார், ஒரு ஸ்தேர் விறகு என்பது ஒரு கன மீட்டர் மரம் அல்ல, கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் காற்றையும் சேர்த்துத்தான் அந்தக் கன மீட்டர் என்று. கல்லுக்கும் அதே கதைதான். லாரியில் கொட்டிய கல்லில் காற்று அதிகம், கையால் அடுக்கிய கல்லில் காற்று குறைவு. அப்படியிருக்க லாரியில் வந்த 54 கன மீட்டர் கல், பெட்டியில் அடுக்கிய பிறகும் எப்படி 54 கன மீட்டராகவே இருக்கும்?

காலையில் எங்கள் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு இஞ்சினியர் நண்பருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், இத்தனை வருடம் கழித்து இப்போதான் கேட்கிறீர்களா?" என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். லாரியில் கொட்டிய கல்லில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு வெற்றிடம். கையால் நெருக்கி அடுக்கினால் அது 35 ஆகக் குறையும், நல்ல ஆள் அடுக்கினால் 30க்குப் பக்கத்தில்கூட வரும். ஆகவே அடுக்கிய 54 கன மீட்டர் பெட்டிக்குள் உண்மையில் கல் என்று இருக்க வேண்டியது சுமார் 35 கன மீட்டர். அதை லாரியில் கொண்டுவர 64 கன மீட்டர் வேண்டும். யூனிட்டில் சொன்னால் இருபத்திரண்டரை. கொட்டேஷனில் இருப்பதோ 19. அந்தப் 19 யூனிட்டில் பெட்டிகள் நிரம்ப ஒரே ஒரு வழிதான் உண்டு, ஜேசிபி வாளியால் லாரியில் கொட்டுவதுபோலவே பெட்டியிலும் கொட்டுவது.

"கொட்டினால் என்ன, பெட்டிதான் நிரம்பிவிட்டதே?" என்று கேட்டேன். இந்தச் சுவரில் சிமெண்ட் இல்லை, அடியில் கம்பி கட்டிய அஸ்திவாரமும் இல்லை. தன் எடையால் மட்டுமே அது மண்ணைத் தடுத்து நிற்கிறது. மூன்று வரிசை பெட்டி. அடி வரிசை மலைக்குள் 2 மீட்டர் ஆழம், நடு வரிசை ஒன்றரை, மேல் வரிசை ஒன்று. ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு நாலரை கன மீட்டர். ஒழுங்காக அடுக்கினால் அதன் எடை சுமார் 7.6 டன். மேலே கட்டடமோ சாலையோ இல்லாத, தண்ணீர் தேங்காத சாதாரண மண், 3 மீட்டர் உயரத்தில் அந்த ஒரு மீட்டர் சுவரைச் சுமார் 2.7 டன் விசையோடு தள்ளும். சுவர் நகராமல் பிடித்து நிற்பது அடியில் உள்ள உராய்வு, அது எடையில் பாதிக்குச் சற்று மேல், 4.2 டன் என்று வையுங்கள். தள்ளுவதைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். பொறியாளர்கள் கேட்பதும் அந்த ஒன்றரைதான். கொட்டி நிரப்பினால் எடை 6.4 டன்னாக இறங்கும், பிடிப்பு மூன்றரை டன், விகிதம் 1.3. உடனே விழாது. ஆனால் வடிகால் அடைத்துப் பின்னால் தண்ணீர் தேங்கும் ஒரு ஐப்பசி மழைக்கு வைத்திருந்த கையிருப்பு அதுதான்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சுவரைப் பெட்டி எண்ணிக்கையில் விலை பேசுவது தவறு. பெட்டிக்கு இவ்வளவு என்று பேசினால், உள்ளே போகும் கல் குறையக் குறைய காண்ட்ராக்டருக்கு லாபம். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கணக்கு எழுதிய விதமே அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. பெட்டி, கட்டுக் கம்பி, அடுக்குக் கூலி இவற்றை ஓடு மீட்டருக்கு இவ்வளவு என்று பேசுங்கள். கல்லைத் தனியாக, எடை மேடை ரசீதுப்படி டன்னில் கொடுங்கள். கன அடி, கன மீட்டர், குவித்த லாரி, மட்டமான லாரி என்ற குழப்பம் எல்லாம் எடை மேடையில் தீர்ந்துவிடும். இந்த 12 மீட்டர் சுவருக்குக் கணக்கு 91 டன். கொட்டி நிரப்பினால் 77. பதினான்கு டன் வித்தியாசத்தை எந்தக் கண்ணும் சுவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ரசீதுக் கட்டு சொல்லிவிடும்.

ரசீதை மட்டும் நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பக் கூடாது. கல் தூளும் செம்மண்ணும்கூட எடைதான். வலைக் கண் 8க்கு 10 சென்டிமீட்டர். கல் அதைவிடப் பெரியதாக, 10 முதல் 20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தூளைச் சேர்த்தால் ஒரு மழையில் முகப்பு வழியாக ஒழுகிவிடும், மிச்சம் தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடும். லாரி வந்ததும் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தே ஆக வேண்டும்.

ஓடு மீட்டர் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. 2 மீட்டர் பெட்டியை மலையை நோக்கிக் குறுக்கே வைத்தால் மீட்டருக்கு ஒரு பெட்டி. அதையே சுவரின் போக்கில் நீளவாக்கில் வைத்தால் மீட்டருக்கு அரைப் பெட்டி போதும், ஆனால் ஆழம் ஒரு மீட்டர்தான். எங்கள் சுவரில் அடி வரிசை குறுக்கே, 12 பெட்டி. நடு வரிசையில் ஒன்றரை மீட்டர் பெட்டி குறுக்கே, 12. மேல் வரிசை மட்டும் நீளவாக்கில், 6. ஆக மீட்டருக்கு இரண்டரைப் பெட்டி. மூன்று வரிசையையும் நீளவாக்கில் வைத்துவிட்டால் 12 மீட்டருக்கு 18 பெட்டியில் வேலை முடிந்தது. முன்னால் நின்று பார்ப்பவருக்கு அதுவும் 3 மீட்டர் சுவர்தான். பின்னால் மண் நிரப்பிவிட்டால் பிறகு யார் போய் ஆழம் பார்ப்பது? ஆகவே பெட்டிகளை வெறுமையாக வரிசையில் நிறுத்தி ஒன்றோடொன்று கம்பியால் தைத்த அன்றே போய் எண்ணிவிட வேண்டும். இன்னொன்று, அடி வரிசையில் அரை மீட்டராவது தரைக்குள் போக வேண்டும். ஆக 3 மீட்டர் சுவர் தாங்குவது இரண்டரை மீட்டர் வெட்டைத்தான். இந்த அரை மீட்டரையும் மருமகனின் கொட்டேஷன் பேசவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அடி வரிசையில் ஜேசிபி கொட்டிக்கொண்டிருந்தது. முதல் லாரியின் தொட்டியை டேப் வைத்து அளந்தேன், மூன்று யூனிட் சரியாக இருந்தது. அடுக்கினால் அது 2 மீட்டர் பெட்டி மூன்றரைக்குச் சற்று மேல் நிரப்ப வேண்டும். அன்று நாலு பெட்டி நிரம்பி, ஐந்தாவதிலும் கொஞ்சம் விழுந்திருந்தது. ஒரு பெட்டியின் முகப்பில் கடப்பாரையை நுழைத்து அசைத்தேன். கல் கலகலவென்று உள்ளே நகர்ந்தது. அடுக்கிய பெட்டியில் கடப்பாரை ஒரு சாண்கூட இறங்கக் கூடாது. முகப்பு வலை அதற்குள்ளேயே லேசாக வயிறு தள்ளியிருந்தது. முன் வலையையும் பின் வலையையும் இழுத்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பியை ஒருவரும் கட்டியிருக்கவில்லை. பெட்டியை மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஒரு தடவை, மூன்றில் இரண்டு பங்கில் இன்னொரு தடவை அதைக் கட்ட வேண்டும். கொட்டி நிரப்பும்போது நடுவில் நிறுத்தி யார் கட்டப்போகிறார்கள்?

காண்ட்ராக்டர் முதலில் கோபித்துக்கொண்டார். "ஐயா, மலையில் எல்லோரும் இப்படித்தான் போடுகிறோம்" என்றார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. கணக்கைத் தாளில் எழிதிக் காட்டி, கூடுதல் மூன்றரை யூனிட்டுக்கும் அடுக்கும் ஆளுக்கும் வீட்டுக்காரரே தனியாகக் கொடுப்பார் என்றேன். உண்மையில் அந்தப் பணம் ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டிய பணம், கேட்டிருந்தால் வேலை அவருக்குக் கிடைத்திருக்காது. அவர் முகம் இளகியது. அவருடைய வயதான மேஸ்திரி ஒருவர், அதுவரை ஓரமாக நின்றவர், நாலு பெட்டியையும் காலி செய்து தட்டையான பெரிய கற்களை முகப்பில் நிறுத்தி, நடுவில் சின்னதைச் செருகி அடுக்க ஆரம்பித்தார். பெட்டி விளிம்புக்கு மேல் இரண்டு விரல்கடை உயர்த்தி நிரப்பிய பிறகே மூடியை இழுத்துத் தைத்தார். பின்னாளில் கல் அமரும்போது மூடிக்கடியில் காலியிடம் விழாமல் இருக்கத்தான் அது. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் விரிக்கும் வடிகட்டித் துணி மட்டும் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் இரண்டு நாள் வேலை நின்றது. அது இல்லாமல் மண் நிரப்பக் கூடாது என்று மருமகனே பிடிவாதமாக நின்றான்.

வேலை முடிந்ததும் எல்லா ரசீதையும் கூட்டி எனக்கு அனுப்பினான். 88 டன். கல்லின் எடையைக் கன மீட்டருக்கு 2.6 டன் என்று வைத்து வகுத்துப் பார்த்தேன், வெற்றிடம் நூற்றுக்கு 37. நான் கேட்டது 35. "இரண்டு குறைகிறதே" என்று எழுதினேன். "மாமா, சம்பளம் கொடுத்தாச்சு, பச்சை மையில் டிக் போடுங்கள்" என்று பதில் வந்தது.